ஓ.டி. 0.84, ஸ்டாண்டர்டு 0.35 வரைதான்: 20 மில்லிகிராம் புரதம் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை. மூன்று வாரம் சுத்திகரித்து எடுத்த புரதம், 20 மில்லிகிராம், இன்று குப்பைக்குப் போனது. காரணம் நான் நம்பிய ஒரே ஓர் எண்.

காசு வாங்கிக்கொண்டு புரத அளவு பார்த்துச் சொல்லும் ஒரு சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினேன். பிராட்ஃபோர்டு முறை, புரதத்தில் ஒட்டினால் நீலமாகும் கூமாசி நீலம் ஜி-250 சாயம். மறுநாளே அறிக்கை வந்தது: மில்லிலிட்டருக்கு 1.20 மில்லிகிராம். கீழே, புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் R² = 0.997 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த 0.997-ஐப் பார்த்ததும் மனசு அடங்கிவிட்டது. இவ்வளவு நேரான கோட்டில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று, வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நம்பினேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன்.

புரதத்தில் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை ஏற்ற எனக்கு 12 மில்லிகிராம் தேவை. அவர்கள் கணக்குப்படி 10 மில்லிலிட்டர் எடுத்து, ஒரு புரத மூலக்கூறுக்குப் பத்து பயோட்டின் என்று அளந்து போட்டேன். ஏறியது சொற்பம், பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடினில் சரியாக ஒட்டவே இல்லை. சந்தேகம் வந்து, மிச்சமிருந்த கொஞ்சத்தை ஜெல்லில் ஓட்டினேன். பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஒப்பிடப் பயன்படும் மாட்டு ரத்தப் புரதமான பி.எஸ்.ஏ. 5 மைக்ரோகிராம், 'அவர்கள் கணக்கில்' 5 மைக்ரோகிராம் என் புரதம். என்னுடைய பட்டை தெளிவாகத் தடிமன்.

ஃபோன் போட்டேன். "R² நன்றாக இருக்கிறதே சார்." இரண்டாவது தடவை: "மென்பொருள் கொடுத்த எண், நாங்கள் எதையும் மாற்றவில்லை." மூன்றாவது தடவை: "உங்கள் புரதம் பி.எஸ்.ஏ. மாதிரி சாயம் பிடிக்காது, வித்தியாசம் வரத்தான் செய்யும்." இது பாதி உண்மை, அதனால்தான் இன்னும் எரிச்சல். இந்தச் சாயம் முக்கியமாக ஆர்ஜினினில் ஒட்டும். புரதத்துக்குப் புரதம் நிறம் மாறும், சரி. ஆனால் என் கேள்வி அது இல்லை. ஒளியை எவ்வளவு உறிஞ்சியது என்று காட்டும் எல்லா ஓ.டி. எண்களையும் அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டதும், முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்கள்.

அளவு தெரிந்த பி.எஸ்.ஏ. கரைசல்கள்தான் ஸ்டாண்டர்டுகள்: மில்லிலிட்டருக்கு 0, 0.125, 0.25, 0.5 மில்லிகிராம். 595 நானோமீட்டரில், வெற்று மாதிரியைக் கழித்த பின் அவற்றின் ஓ.டி. 0, 0.10, 0.19, 0.35. என் மாதிரி? 0.84. கடைசி ஸ்டாண்டர்டைவிட இரண்டு மடங்குக்கு மேல்! அந்த நாலு புள்ளியில் கோடு போட்டு, அதை இல்லாத இடத்துக்கு நீட்டி விடை சொல்லியிருக்கிறார்கள், y ஓ.டி., x புரத அளவு:

```
y = 0.695x + 0.008
x = (0.84 - 0.008) / 0.695 = 1.20
```

அந்தக் கோடு உண்மையில் கோடே இல்லை, வளைவு. குழியில் இருக்கும் சாயம் ஓர் அளவுதான். புரதம் கூடக்கூட ஒட்டாமல் மிச்சமிருக்கும் பழுப்புச் சாயம் குறைந்துகொண்டே போகும், அதனால் நீலம் ஏறும் வேகமும் குறையும். போதாததற்கு, அந்தப் பழுப்புச் சாயமும் 595-இல் கொஞ்சம் உறிஞ்சும். அது குறைவதும் வளைவைக் கூட்டும். அவர்களுடைய ஸ்டாண்டர்டிலேயே பாருங்கள்: 0.25-க்கு 0.19 என்றால் 0.5-க்கு 0.38 வர வேண்டும், வந்தது 0.35. வளைவு அங்கேயே தலைகாட்டுகிறது. R² சொல்வது அந்த நாலு புள்ளியைப் பற்றி மட்டும், 0.5-க்கு மேலே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

மிச்சமிருந்த துளியை நானே, அதே ஸ்டாண்டர்டுகளோடு, ஐந்து மடங்கும் பத்து மடங்கும் நீர்க்கச் செய்து பார்த்தேன். ஓ.டி. 0.29, 0.15. இரண்டும் ஸ்டாண்டர்டுகளுக்கு நடுவில் விழுகின்றன. பெருக்கினால் இரண்டுமே கிட்டத்தட்ட 2.0. பி.எஸ்.ஏ. வித்தியாசம்தான் காரணம் என்றால், நீர்க்காத மாதிரியும் அதே 2.0-தான் காட்டியிருக்க வேண்டும். ஆக நான் 12 என்று நினைத்துப் போட்டது 20 மில்லிகிராம். பத்துக்கு ஆறு பயோட்டின்தான் கிடைத்திருக்கிறது. மறுபடி செய்து தரச் சொன்னால், "மாதிரி தீர்ந்துவிட்டது, புதிதாகக் கட்டணம் கட்டுங்கள்" என்கிறார்கள். இருபது மில்லிகிராம், சார்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அறிக்கையில் ஓ.டி. எண்களைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் எண் கடைசி ஸ்டாண்டர்டுக்கு மேலே போனால் ஏற்காதீர்கள், பூஜ்யத்துக்கு அடுத்த ஸ்டாண்டர்டுக்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். குறைந்தது இரண்டு நீர்ப்பில் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும். நீர்க்கச் செய்வது சாயம் சேர்ப்பதற்கு முன்னால், அதே பஃபரில். நீலமான பிறகு தண்ணீர் ஊற்றிப் பிரயோஜனம் இல்லை, சாயம் அதற்குள் தீர்ந்திருக்கும். அப்புறம், தட்டின் படத்தையும் கேளுங்கள். எனக்கு அனுப்பிய படத்தில் ஸ்டாண்டர்டுகள் எல்லாம் வெளிர் நீலம், என் குழி மட்டும் மை மாதிரி இருந்தது.