மொழியுரிமை மண்ணுக்கா, ஆளுக்கா? பெல்ஜியம், கனடா, நம் விளவங்கோடு

எங்கள் குடும்ப நிலத்தின் மூலப்பத்திரம் கொல்லம் ஆண்டு 1120-இல் எழுதப்பட்டது. முழுக்க மலையாளம். தாத்தா வீட்டில் பேசியது தமிழ்தான். ஆனால் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் விளவங்கோடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது, பதிவு அலுவலகம் மலையாளத்தில் எழுதியது. பாகம் பிரிக்க வேண்டி வந்தபோது பழைய மலையாளக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி நாலைந்து இடம் அலைந்தேன்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்களை எங்கள் ஊர்ப்பக்கம் இன்றும் நினைக்கிறார்கள். அந்தக் கோடு நகர்ந்ததும் என் தாத்தாவின் சங்கடம் தீர்ந்தது. அதே சங்கடம் மலையாளம் பேசும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. கோட்டை எங்கே போட்டாலும் யாராவது ஒருவர் தவறான பக்கத்தில் நிற்பார்.

பல மொழிக் கூட்டாட்சிகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். பள்ளியையும் அலுவலகத்தையும் நடத்தும் அதிகாரம் எந்த அரசுக்கு? அந்த அரசின் எல்லைக்குள் சிறுபான்மையாக வாழ்பவர் எந்த உரிமையைக் கையில் வைத்திருக்கிறார்? நம் ஊரில் முதல் கேள்வியைப் பற்றியே சத்தம் அதிகம். பெல்ஜியம் அந்த முதல் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன நாடு, கனடா இரண்டாவதற்கு. இந்தியா இரண்டிலும் பாதி தூரம் போயிருக்கிறது.

பெல்ஜியத்தில் மொழி மண்ணோடு ஒட்டியது. 1932 சட்டப்படி பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, ஓர் ஊரில் 30 சதவீதம் பேர் வேறு மொழி பேசினால் அவர்களுக்கு அலுவலகத்தில் அந்த மொழியில் சேவை கிடைக்க வேண்டும். பாதிக்கு மேல் போனால் ஊரின் நிர்வாக மொழியே மாறலாம். கேட்க நியாயமாகத் தெரிகிறது. நடந்தது என்ன? கணக்கெடுப்பே தேர்தல் மாதிரி ஆயிற்று. 1947 கணக்கெடுப்பின் மொழி முடிவுகளை 1954 வரை வெளியிடவே முடியவில்லை. கடைசியில் 1961-இல் மொழி பற்றிய கேள்வியைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, 1962-63 சட்டங்களால் மொழி எல்லையை நிலையாகக் குறித்துவிட்டார்கள். கோட்டுக்கு வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இரண்டும், கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் ஜெர்மன். எல்லையோரச் சில ஊராட்சிகளின் பெயரைச் சட்டத்திலேயே எழுதி, அங்குள்ள சிறுபான்மைக்கு மட்டும் மொழிச் சலுகை கொடுத்தார்கள்.

இதனால் வந்த நன்மை பெரியது. 1989 முதல் கல்வி முழுக்க மொழிச் சமூக அரசுகளிடம் இருக்கிறது. கட்டாயக் கல்வி வயது, பட்டத்துக்கான குறைந்தபட்ச நிபந்தனை, ஆசிரியர் ஓய்வூதியம் ஆகிய மூன்று மட்டும் மத்திய அரசிடம். எந்தப் பள்ளியில் எந்த மொழி என்று மத்திய அமைச்சர் யாரும் கடிதம் எழுத வழியில்லை.

சரி, தவறான பக்கத்தில் நிற்பவர்? வூரன் என்று ஆறு சிற்றூர்கள் சேர்ந்த ஓர் எல்லைப்பகுதி. 1963-இல் பிரெஞ்சு மாகாணமான லியேஜிலிருந்து டச்சு மாகாணமான லிம்பர்க்குக்கு மாற்றினார்கள். அங்கே பிரெஞ்சு பேசுபவர்களின் தலைவரான ஜோசே ஹப்பார் மேயராகி, டச்சு மொழித் தேர்வு எழுத மறுத்தார். அவருடைய நியமனத்தை 1986-இல் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. தகராறு முற்றி 1987 அக்டோபரில் நாட்டின் அரசே கவிழ்ந்தது. நம் ஊராட்சிகள் சிலவற்றின் அளவே உள்ள ஓர் இடம் ஒரு நாட்டின் அரசையே கவிழ்த்தது என்றால், அங்கே அடங்கிக் கிடந்த மனக்குறையின் அளவு தெரியும்.

சலுகையும் மெல்ல மெல்லச் சுருங்கக்கூடியது. 1997-இல் டச்சுப் பகுதி அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: பிரெஞ்சில் ஆவணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும். போன மாதம் கேட்டது இந்த மாதத்துக்குச் செல்லாது. அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். சட்டம் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் பாதிப் பேர் கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

கனடா வேறு வழியில் போனது. கல்வி 1867 முதலே மாகாணத்தின் அதிகாரம். ஆனால் 1982 உரிமைச் சாசனத்தின் 23-ஆம் பிரிவு, கனடாக் குடிமக்களான பிரெஞ்சு அல்லது ஆங்கிலச் சிறுபான்மைப் பெற்றோரிடம் நேரடியாக ஒரு உரிமையைக் கொடுக்கிறது. பெற்றோர் கனடாவில் அந்த மொழியில் தொடக்கக் கல்வி படித்திருந்தால், எந்த மாகாணத்துக்குக் குடிபோனாலும் தம் பிள்ளைக்கு அரசுச் செலவில் அந்த மொழியில் கல்வி கேட்கலாம். ஆனால் போதிய எண்ணிக்கை இருக்க வேண்டும். பிரெஞ்சு பெரும்பான்மை மாகாணமான கியூபெக் இதற்கு முன்பே, 1977-இல், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. அது இன்றும் தொடர்கிறது. ஆகவே கனடாவிலும் இந்த உரிமை எல்லோருக்கும் கிடையாது.

போதிய எண்ணிக்கை என்றால் எவ்வளவு? இதை நீதிமன்றம் விரித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. 1990-இல் ஆல்பர்ட்டா மாகாணப் பெற்றோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒரு படிக்கட்டாக ஆக்கியது. பிள்ளைகள் சிலர் இருந்தால் அந்த மொழியில் வகுப்பு, கூடினால் தனிப் பள்ளி, இன்னும் கூடினால் அந்தப் பெற்றோரே நிர்வகிக்கும் பள்ளி வாரியம். பத்தாண்டு கழித்து, 2000-இல், பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சம்மர்சைடு என்ற ஊரின் வழக்கு வந்தது. உள்ளூரில் பிரெஞ்சுப் பள்ளி கேட்ட பெற்றோரிடம் மாகாண அமைச்சர், வேறொரு ஊரில் ஏற்கெனவே பள்ளி இருக்கிறது, பேருந்து விடுகிறோம் என்றார். போக ஏறத்தாழ ஒரு மணி நேரம். அது போதாது என்றது நீதிமன்றம். இன்று பெயர் கொடுத்த பிள்ளைகளை மட்டும் எண்ணக்கூடாது, பள்ளி வந்தால் சேரக்கூடியவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பள்ளி இல்லாத ஊரில் சேர்க்கை எப்படி இருக்கும்!

இப்போது நம் பக்கம். அரசியலமைப்பு எழுதப்பட்டபோது கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976-இல் வந்த 42-ஆம் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பொதுப் பட்டியலில் இரு அரசுகளின் சட்டங்களும் மோதினால், மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றிருந்தால் ஒழிய, ஒன்றியச் சட்டமே நிற்கும். ஆனால் இன்றைய அழுத்தம் சட்டத்தைவிடப் பண வழியாகவே வருகிறது. தேசியக் கல்விக் கொள்கையின் மும்மொழியைத் திணிக்க யாரும் சட்டம் போடவில்லை. அந்தக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024-25-க்கான பள்ளிக்கல்வித் திட்ட நிதி, 2,150 கோடி ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்கு நின்றது. மாநிலம் 2025-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பட்டியலை மட்டும் படித்துவிட்டு யாருக்கு அதிகாரம் என்று முடிவு செய்ய முடியாததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் பக்கமே நியாயம் என்பது என் உறுதியான எண்ணம். 1968 முதல் இருமொழிக் கொள்கையோடு பள்ளி நடத்தி வரும் மாநிலத்திடம் பணத்தைக் காட்டிப் பேரம் பேசுவது கூட்டாட்சிக்கு அடுக்காது.

அப்புறம் இரண்டாவது கேள்வி. சிறுபான்மைப் பிள்ளைக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று 350அ பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. 'முயல வேண்டும்' என்பதுதான் அதன் சொல். கண்காணிக்க ஒரு சிறப்பு அலுவலர் உண்டு. அவர் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவார், உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. எண்ணிக்கைக்கும் ஒரு அளவு இருக்கிறது. 1949-இல் கல்வி அமைச்சர்கள் ஒப்புக்கொண்டபடி, ஒரு வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் அந்த மொழி ஆசிரியரை நியமிக்க வேண்டும்.

விளவங்கோட்டின் எல்லையோரத்தில் ஒரு பள்ளியை நினைத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பில் மலையாளம் பேசும் பிள்ளைகள் 12 பேர். விதிப்படி ஆசிரியர் உண்டு. அவர் ஓய்வு பெறுகிறார், இடம் காலியாகவே கிடக்கிறது. அடுத்த ஆண்டு பெற்றோர் சிலர் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள், ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். இப்போது 10 இல்லை, ஆகவே பணியிடமும் இல்லை. மலையாளம் படிக்க ஆளில்லை என்று கோப்பு மூடப்படுகிறது. எந்தப் பள்ளியிலும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: பணியிடம் காலியான தேதியையும் சேர்க்கை குறைந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காலியிடம் முதலில் வந்திருந்தால், குறைந்த எண்ணிக்கையைக் காரணமாகக் காட்டுவது சரியில்லை.

இதே 12 பிள்ளைகள் பெல்ஜியத்தில் இருந்தால், ஊரின் பெயர் சட்டப் பட்டியலில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை. கனடாவில் இருந்தால் பெற்றோர் எந்த மொழியில் படித்தார்கள் என்று பார்ப்பார்கள், வரக்கூடிய பிள்ளைகளையும் எண்ணுவார்கள், களியக்காவிளைக்கு அப்பால் பள்ளி இருக்கிறதே என்ற பதிலை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. ஆனால் அங்கும் ஒரு ஓட்டை உண்டு. பெற்றோரே ஆங்கில வழியில் படித்து, தாய்மொழியையும் மறந்தவர்களாக இருந்தால் உரிமை பெரும்பாலும் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடலாம். எங்கள் பக்கத்தில் இன்று ஆங்கில வழியில் படித்த பெற்றோர் நிறைய.

தமிழ்நாட்டின் 2006 தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. இங்கே வாழப் போகிற பிள்ளைக்குத் தமிழ் தெரிந்தாக வேண்டும். என் தாத்தா அலுவலக மொழி தெரியாமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை வைத்திருக்கும் நான் இதற்கு எதிராகப் பேச மாட்டேன். ஆனால் தாய்மொழி விருப்பப் பாடமாக ஒதுங்கியதும், தமிழாசிரியர் போதாத சிறுபான்மைப் பள்ளிகளின் பிள்ளைகள் பொதுத்தேர்வை எதிர்கொள்ள வேண்டியிருந்ததும் நீதிமன்றம் வரை போயின. கேரளமும் 2017-இல் மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது காசர்கோட்டுக் கன்னடர்கள் தெருவில் இறங்கினார்கள். தில்லி நம்மிடம் நடந்துகொள்வதில் எது நம்மைப் புண்படுத்துகிறதோ, அதை நாம் இன்னொருவரிடம் செய்கிறோமா என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

எனக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் அதிகாரத்தில் பெல்ஜியத்தின் தெளிவையும், உரிமையில் கனடாவின் 23-ஆம் பிரிவையும் எடுப்பேன். கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்பட்டும். கூடவே 350அ-வின் 'முயல வேண்டும்' போய், பெற்றோர் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய உரிமை வரட்டும்.

அலுவலகத்துக்கும் ஒரு எண் உண்டு. மாவட்டத்திலோ தாலுகாவிலோ 15 சதவீதத்துக்கு மேல் ஒரு சிறுபான்மை மொழி பேசினால், முக்கிய அறிவிப்புகளும் விதிகளும் அந்த மொழியிலும் வர வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளில் ஒன்று. இங்கே கேட்க வேண்டியது, எதில் 15 சதவீதம் என்பது. முன்பு நான்கு தாலுகா, இப்போது கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்து ஆறு. ஒரு வீடுகூட இடம் மாறாமல், தாலுகா எல்லை மாறியதாலேயே ஒரு மொழியின் பங்கு 15-க்கு மேலேயோ கீழேயோ போகலாம். புதிய ஆறு தாலுகாக்களுக்கும் மொழிவாரிக் கணக்கைத் தனித்தனியாக எடுத்து, அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினால், யாருக்கு என்ன மொழியில் தாள் வர வேண்டும் என்று நாமே படித்துத் தெரிந்துகொள்ளலாம்.