ஒரு கிளாக் தள்ளிப் பேசும் மெமரி: சொந்தமாகச் செய்த 16 பிட் பிராசஸரோடு குப்பை கொட்டிய அனுபவம்

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு வெரிலாக் ஃபைலை அனுப்பியிருந்தார். “சொந்தமா ஒரு குட்டி பிராசஸர் எழுதினேன். சிமுலேஷன்ல ஜம்முனு ஓடுது, சிப்புல ஏத்தப் போனா இடம் பத்தலைங்குது. வெறும் 256 வேர்டு மெமரிக்கா இந்த அக்கப்போர்? நீங்க ரெண்டு வருஷமா ஓட்டுறீங்களே, இது தேறுமா?” என்று கேட்டிருந்தார். கூடவே ஸ்கிரீன்ஷாட்: நாலாயிரத்துக்கும் மேல் ஃபிளிப்ஃபிளாப். ஃபைலைத் திறக்காமலே வியாதி தெரிந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தோடுதான் நான் இத்தனை நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

```verilog
assign d = mem[a];                  // இது BRAM ஆகாது
always @(posedge clk) d <= mem[a];  // இது ஆகும்
```

முதல் வரி, முகவரி கொடுத்த நொடியே தரவு வேண்டும் என்கிறது. லாட்டிஸ் ஐஸ்40 எஃப்பிஜிஏ சிப்பில் இருக்கும் பிளாக் ராம், அதாவது BRAM, அப்படி வேலை செய்யாது. கிளாக் விளிம்பில் முகவரியை வாங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் தரவு வெளியே வரும். லுக்கப் டேபிளையே சின்ன ராமாக மாற்றிக்கொள்ளும் வசதி வேறு சில எஃப்பிஜிஏக்களில் உண்டு, இதில் அதுவும் கிடையாது. ஆகவே வெரிலாக்கைச் சர்க்யூட்டாக மாற்றும் `yosys` வேறு வழியில்லாமல் 256×16 மெமரியை 4096 ஃபிளிப்ஃபிளாப்பாகக் கட்டி, அதன் தலையில் ஒரு பிரம்மாண்ட மல்டிபிளெக்சரையும் ஏற்றிவிடும். ஐஸ்40 குடும்பத்து `up5k` சிப்பில் மொத்தமே 5280 லாஜிக் செல்தான். பிதுங்காமல் என்ன செய்யும்? `yosys` தரும் `stat` அறிக்கையில் பிளாக் ராமைக் குறிக்கும் `SB_RAM40_4K` என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மற்றதைப் பார்த்துப் பயனில்லை.

சரி, இரண்டாவது வரிக்கு மாறிவிட்டால் முடிந்ததா? அங்கேதான் எரிச்சல் ஆரம்பம். பாடப்புத்தகத்து டேட்டாபாத் படத்தில் கட்டளையின் முகவரியைச் சொல்லும் பிசி, கட்டளை மெமரி, தரவு மெமரி, ஏஎல்யூ எல்லாம் ஒரே கிளாக்கில் வரிசையாக ஓடும். இங்கே கட்டளை வருவதற்கே ஒரு விளிம்பு. என்னுடையது ஒற்றை அக்யுமுலேட்டர் மெஷின், தரவின் முகவரி கட்டளைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கட்டளை கைக்கு வந்த பிறகுதான் தரவு மெமரிக்கு முகவரி தர முடியும். தரவு வர இன்னொரு விளிம்பு.

கடைசியில் ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு கிளாக் என்று ஏற்றுக்கொண்டேன். முதல் கிளாக்கில் கட்டளை வெளியே வந்து தரவு முகவரியைக் கொடுக்கும். இரண்டாவதில் தரவு வரும், ஏஎல்யூ கணக்குப் போடும், அடுத்த பிசி முடிவாகும். கவனிக்க வேண்டியது ஒன்று: கட்டளை மெமரிக்குப் பிசி ரெஜிஸ்டரை இணைக்கக் கூடாது. அந்த ரெஜிஸ்டருக்குள் போகப்போகிற அடுத்த மதிப்பை இணைக்க வேண்டும். அப்போதுதான் பிசியும் மெமரியும் ஒரே விளிம்பில் நகரும். இல்லாவிட்டால் கட்டளைக்கு மூன்றாவது கிளாக்கும் தண்டம் அழ வேண்டும்.

சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆசிலேட்டர் 48, 24, 12, 6 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தரும். 24-ல் ஓடினால் கட்டளைக்கு 83.3 நானோசெகண்ட். ஆனால் டிசைனைச் சிப்பில் பொருத்தி வேகத்தைக் கணக்கிடும் `nextpnr-ice40` 21-க்கு மேல் தாண்டவில்லை. குற்றவாளி `ISZ` கட்டளை. 1965-ல் வந்த பிடிபி-8 கணினியிலிருந்து எடுத்துக்கொண்டது: மெமரியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டி எழுது, விடை சுழியமானால் அடுத்த கட்டளையைத் தாண்டு. லூப் எண்ண இதைவிடச் சிக்கனமான கட்டளை இல்லை. பிரச்சினை என்னவென்றால், தரவு வெளியே வந்து, 16 பிட் கேரி ஓடி, விடை சுழியமா என்று பார்த்து, அதன் பிறகு அடுத்த பிசியைத் தேர்ந்து, அது கட்டளை மெமரியின் வாசலுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். எல்லாம் ஒரே கிளாக்கில்.

இதற்கு விடை ஏஎல்யூவில் இல்லை. கூட்டிய பிறகு சுழியம் வருகிறது என்றால், கூட்டுவதற்கு முன் 16 பிட்டும் ஒன்றாக இருந்தது என்றுதானே பொருள்? அதைச் சோதிக்கக் கேரி ஓடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, பழைய மதிப்பை `0xFFFF`-ஆ என்று பார்த்தால் போதும். கூட்டல் ஒரு பக்கம், சோதனை ஒரு பக்கம். அந்த ஒரு வரி மாற்றத்தில் 24 தாண்டியது. கட்டளையும் நம்முடையது, வன்பொருளும் நம்முடையது என்றால் கிடைக்கும் சுகம் இதுதான்.

இன்னொரு சந்தோஷம் எதிர்பாராதது. என் பிராசஸர் இருக்கும் பலகை பிக்சல் எல்இடி சரம் ஓட்டுகிறது. சரத்தில் இருக்கும் டபிள்யூஎஸ்2812பி எல்இடிக்கு ஒரு பிட் 1.25 மைக்ரோசெகண்ட், 0 என்றால் சுமார் 0.4, 1 என்றால் சுமார் 0.8 மைக்ரோசெகண்ட் மேலே நிற்க வேண்டும், 0.15 முன்பின் இருக்கலாம். என் கட்டளைக் கணக்கில் அது 15, 5, 10.

```
bit: HI        ; 0
     NOP       ; 1-4
     OUTM      ; 5
     NOP       ; 6-9
     LO        ; 10
     NOP       ; 11-12
     ISZ cnt   ; 13
     JMP bit   ; 14
```

இடம் கருதி, சும்மா நேரம் கடத்தும் `NOP`களைச் சுருக்கியிருக்கிறேன். `HI` சிப்பின் அவுட்புட் பின்னை மேலே ஏற்றும், `LO` கீழே இறக்கும். `OUTM` இதற்கென்றே செய்த கட்டளை: அக்யுமுலேட்டரின் உச்சிப் பிட்டை அந்த அவுட்புட் பின்னுக்கு அனுப்பி, அதே மூச்சில் இடப்புறம் ஒரு பிட் நகர்த்தும். பிட் 0 என்றால் அவுட்புட் பின் ஐந்தாவது கட்டளையிலேயே கீழே இறங்கிவிடும், 1 என்றால் பத்து வரை நிற்கும். பிட்டைப் பார்த்துக் கிளை பிரிய வேண்டிய அவசியமே இல்லை. நான் திட்டித் தீர்த்த அந்த இரண்டு கிளாக், கிளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இரண்டேதான். அதனால் ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் துடிப்பு இம்மி அசையாது. நிரலை மாற்றவும் முழு டிசைனையும் மறுபடி ரூட் செய்ய வேண்டாம், `icebram` பிளாக் ராமின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு என்ன எழுதினேன் தெரியுமா? ரெடிமேடாகக் கிடைக்கும் பைக்கோஆர்வி32 பிராசஸரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று. இதே `up5k`-ல் அது அடங்கும், ஜிசிசி கம்பைலர் இருக்கிறது, சி தெரிந்த யாரும் நிரலைத் தொடலாம். சராசரியாகக் கட்டளைக்கு சுமார் நான்கு கிளாக் எடுக்கும், கட்டளைக்குக் கட்டளை மாறவும் செய்யும். ஆனால் பிக்சல் துடிப்பைத் தனியாக ஒரு சின்ன ஷிஃப்ட் ரெஜிஸ்டர் பார்த்துக்கொண்டால் அது ஒரு குறையே அல்ல. என் மெஷினுக்கு இருப்பது நான் பைத்தானில் எழுதிய அசெம்பிளர் ஒன்று. நான் ஊரில் இல்லாத நாளில் அதைத் தொட ஆளில்லை.

என் மெஷின் மேல் எனக்கு இப்போதிருக்கும் கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. சரத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். அதற்குப் பெருக்கல் வேண்டும். சிப்பில் எட்டு பெருக்கல் பிளாக் சும்மா கிடக்கிறது, என் கட்டளையின் நான்கு பிட் ஆப்கோடில் பதினாறும் நிரம்பிவிட்டது. `XOR`-ஐத் தூக்கினால்தான் `MUL` உட்காரும். அதைத் தூக்கினால் பழைய பலகைகளின் நிரல் புதியதில் ஓடாது. என் மெஷினுக்கு மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. `MUL` 24 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிட்டால் மாற்றிச் சொல்கிறேன்.