அரக்குச் சேலைக்குத் தரையில் ஏன் நீல நிறம்? பட்டுச் சேலைப் படத்தை நம்பி ஏமாந்த கதை

தங்கையின் வளைகாப்புக்கென்று போன மாதம் இணையத்தில் ஒரு சேலை வாங்கினேன். விலை 7,800 ரூபாய். அரக்கு உடல், மாம்பழ மஞ்சளில் ஒரு சாண் அகலத்துக்குக் கோர்வை பார்டர், உடல் முழுக்கப் பொடிப்பொடியாக ஜரிகைப் புட்டா. காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த சேலையில் பார்டர் நாலு விரல் அகலம்தான். புட்டா ஒன்றுகூட இல்லை. முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகிவிடும். இது உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டியாக நின்றது. பாலியஸ்டர்.

கடைக்காரரிடம் கேட்டேன். "லைட்டிங்ல கலர் கொஞ்சம் மாறத்தான் செய்யும் மேடம்" என்று ஒரு பதில் வந்தது. நிறத்தைக் கேட்கவில்லை, புட்டா எங்கே என்று திரும்பக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

நான் 16 வருடமாக ப்ளவுஸ் தைக்கிறவள். அன்று இரவு அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியைப் பார்ப்பதுபோல ஓரம் ஓரமாகப் பார்த்தேன். அந்தப் பெண் உடுத்தியிருந்தது வேறு ஏதோ சேலை. அதன்மேல் பட்டுச் சேலையின் படத்தைக் கணினியில் ஒட்டியிருக்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், முகூர்த்த மாதங்களில் இந்த மாதிரிப் படங்கள் நிறைய வரும்.

என் கண்ணில் முதலில் பட்டது ப்ளவுஸ். மார்புப் பக்கம் டார்ட் பிடிக்கும்போது துணியில் கொஞ்சம் உள்ளே போய்விடும். அந்த இடத்தில் இருக்கும் புட்டா பாதி தையலுக்குள் மறையும், இரண்டு பக்கத்துப் பூவும் ஒன்றோடொன்று சேராது. எவ்வளவு கைதேர்ந்த டெய்லரானாலும் இதைத் தவிர்க்க முடியாது. கையும் அப்படித்தான். அது தனியாக வெட்டி இணைக்கிற துண்டு, கை தொங்கும் சாய்வுக்கு அதிலுள்ள டிசைனும் சாயும். இந்தப் படத்தில் டார்ட் கோடு தெரிகிறது, ஆனால் அதன் குறுக்கே புட்டா முழுசாக உட்கார்ந்திருக்கிறது. தோளிலிருந்து கைக்குப் போகும் வரிசை தையல் இருக்கும் இடத்தில் ஒரு நூல்கூட விலகவில்லை. கத்தரி படாத துணியில்தான் டிசைன் இப்படி ஓடும்.

அடுத்து கொசுவம். ஆறேழு மடிப்பு வைத்துச் செருகினால் கீழ்ப் பார்டர் படிப்படியாகத்தான் தெரியும். ஒரு மடிப்பில் பார்டரின் கோபுர டிசைன் முழுசாக இருக்கும், அடுத்த மடிப்பில் பாதி உள்ளே போயிருக்கும். மடிப்பு வளைந்து திரும்பும் இடத்தில் கோபுரம் ஒடுங்கித் தெரியும். இந்தப் படத்திலோ கோபுரங்கள் ஒரே இடைவெளியில், சுவரில் ஒட்டிய தாள் மாதிரி, மடிப்புகளைக் கண்டுகொள்ளாமல் வரிசையாக நிற்கின்றன. கோர்வைக் கோடும் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல நேராகப் போகிறது.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது நிழல்தான். ஒட்டுகிறவர்கள் பழைய சேலையின் வெளிச்சத்தையும் நிழலையும் அப்படியே விட்டுவைத்து, நிறத்தையும் டிசைனையும் மட்டும் மேலே ஏற்றுகிறார்கள். அப்போதுதான் மடிப்பு நிஜம் மாதிரி இருக்கும். அதனாலேயே பழைய துணியின் குணமும் படத்தில் தங்கிவிடுகிறது. கனமான காஞ்சிபுரம் பட்டு விறைப்பாக நிற்கும். மடிப்பு குறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாக, விளிம்பு எழும்பி நிற்கும். இந்தப் படத்தில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை மெல்லிய நிழல்கள் இருபது முப்பது, தண்ணீர் வழிவதுபோல இறங்குகின்றன. ஜார்ஜெட்டோ ஷிஃபானோதான் இப்படி விழும். ஜரிகை உடம்போடு நெய்த பட்டுக்கு இந்த விழுகை வரவே வராது.

ஜரிகையின் மினுக்கும் பொருந்தவில்லை. ஜரிகை உலோகம். வெளிச்சத்தைப் பார்த்த பக்கம் பளீரென்று இருக்கும், மடிப்புக்குள் போனதும் கறுத்துவிடும். இதில் குழிக்குள்ளேயும் மேட்டிலும் ஒரே மஞ்சள்.

பிறகு தரையைப் பார்த்தேன். அந்தப் பெண் நிற்பது பளபளப்பான டைல்ஸ் தரை. அரக்குச் சேலையின் சாயல் விழவேண்டிய இடத்தில் வெளிர் நீலம் விழுந்திருந்தது. சேலையை ஒட்டியிருந்த முன்கையின் உள்பக்கத்திலும் அதே நீலச் சாயல். சேலையை மாற்றியவர் பக்கத்துப் பொருள்களில் விழுந்திருந்த அதன் நிறத்தை மாற்ற மறந்துவிட்டார். கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடியபோது அதே பெண், அதே கைவிரல் வளைவு, அதே முடிக்கற்றை, ஆனால் நீல ஜார்ஜெட் சேலையில் வேறொரு பக்கத்தில் கிடைத்தாள். நான் வாங்கிய பக்கத்தில் அதே நிற்பில் ஒன்பது நிறச் சேலைகள் இருக்கின்றன. ஒரு பெண் ஒன்பது சேலை மாற்றிக் கட்டினால் ஒரு மடிப்பாவது இடம் மாறியிருக்கும்.

நெசவின் ஓட்டத்தையும் பார்க்கலாம். தோளில் ஏறும் முந்தானையில் நூலோட்டம் சாய வேண்டும், இதில் காலடியில் இருப்பதுபோலவே நேராக இருந்தது. ஆனால் இதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினாலே படம் சுருங்கி நெசவு மழுங்கிவிடும். ஒழுங்காக வியாபாரம் செய்கிறவர்களும் கசங்கலை அழிப்பார்கள், வெளிச்சம் கூட்டுவார்கள், ஊசியை மறைப்பார்கள். அதில் தப்பில்லை. தையலும் மடிப்பும் நிழலும் சேர்ந்து பொருந்தாமல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது ஏஐ வைத்து முழுப்படத்தையும் புதிதாகவே உருவாக்குகிறார்கள். அதில் நிழலும் சாயலும் பொருந்திவிடுகிறது, கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் நான் இனிமேல் வீடியோ காலில்தான் பார்க்கப்போகிறேன். பொம்மைமேல் கட்டியதைக் காட்ட வேண்டாம், மேசையில் விரித்து முந்தானையைத் திருப்பி அடிப்பக்கம் காட்டுங்கள் என்று கேட்பேன். கோர்வையில் உடலுக்கும் பார்டருக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு வேறு. அவை கோத்துக்கொள்ளும் இடம் அடிப்பக்கத்தில் தெரியும். வந்த சேலையைத் திருப்பியபோது அரக்கு ஊடையே பார்டருக்குள்ளும் ஓடியிருந்தது. பார்டரின் மஞ்சள் செங்கல் நிறமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவையுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால் வந்தது இந்தச் சேலைதான் என்று காட்ட என்னிடம் ஆதாரம் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. வளைகாப்புக்குத் தங்கை அம்மாவின் பழைய கத்திரிப்பூ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒன்பது படங்களும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. ஒன்பதிலும் தரை நீலமாகத்தான் இருக்கிறது.