வியூஸால் வகுப்பதா, சப்ஸ்கிரைபரால் வகுப்பதா? ஒரு முறுக்கு விளம்பரக் கணக்கு

பினாங்கில் அக்கா வீட்டிலிருந்தே தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறார். போன தீபாவளிக்கு முன்னால் விளம்பரத்துக்கு 600 வெள்ளி ஒதுக்கி, “எந்த சேனல்ல போடலாம்னு நீயே பாரு தம்பி” என்று என் தலையில் கட்டிவிட்டார். கையில் இரண்டு யூடியூப் சேனல்கள் இருந்தன. ஒன்று பட்டர்வொர்த்தில் ஓர் அம்மா நடத்தும் சமையல் சேனல், 2,100 சப்ஸ்கிரைபர். இன்னொன்று கோலாலம்பூரிலிருந்து ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக் காட்டும் சேனல், 1,40,000 சப்ஸ்கிரைபர். இரண்டையும் எங்கேஜ்மெண்ட் ரேட் வைத்து ஒப்பிட உட்கார்ந்தேன்.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். லைக், கமெண்ட், ஷேர் மூன்றையும் கூட்டி, வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். எதனால் வகுப்பது என்பதில்தான் இரண்டு கட்சி. சிலர் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையால் வகுப்பார்கள், சிலர் வியூஸால். நான் வியூஸ் கட்சி. அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஷேர். யூடியூபில் ஒரு வீடியோ எத்தனை முறை ஷேர் ஆனது என்பது வெளியே தெரியாது. சேனல்காரர் தம் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து காட்டினால்தான் உண்டு. பட்டர்வொர்த் அம்மா உடனே ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பெரிய சேனல் அனுப்பவில்லை. ஒரு பக்கம் ஷேரைச் சேர்த்து மறுபக்கம் விட்டால் அது ஒப்பீடே இல்லை. அதனால் இரண்டுக்கும் லைக்கும் கமெண்டும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஷார்ட்ஸையும் ஒதுக்கிவிட்டேன். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொரு வியூ என்று யூடியூப் எண்ணுகிறது. அந்த வியூவையும் நீள வீடியோவின் வியூவையும் ஒரே வகுத்தியில் போட முடியாது.

சரி, சப்ஸ்கிரைபரால் வகுப்பது ஏன் எனக்குப் பிடிக்கவில்லை? பெரிய சேனலின் இரண்டு வீடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்படியோ தமிழ்நாட்டுப் பக்கம் பரவி 4,00,000 வியூஸ் வாங்கியது. லைக்கும் கமெண்டும் சேர்ந்து 8,400. இன்னொன்று ஜார்ஜ்டவுனில் எடுத்தது, 9,000 வியூஸ், 450. சப்ஸ்கிரைபரால் வகுத்தால் முதலாவது 6 சதவீதம், இரண்டாவது 0.3 சதவீதம். ஜார்ஜ்டவுன் வீடியோ படுதோல்வி என்று தோன்றும். வியூஸால் வகுத்தால் முதலாவது 2.1, இரண்டாவது 5. கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சப்ஸ்கிரைபரால் வகுக்கும்போது பின்னத்தின் மேலே நிற்பவர்களில் பலர் சப்ஸ்கிரைபர்களே அல்லாதவர்கள், கீழே இருப்பது என்றைக்கோ சப்ஸ்கிரைப் செய்துவிட்டு மறந்துபோனவர்களின் கூட்டம். பார்க்காதவன் லைக் போடவில்லை என்று குறை சொல்லி என்ன பயன்?

ஆக, வியூஸ். இப்போது அந்த ஓட்டைக்கு வருகிறேன். எனக்கு மூன்று ராத்திரி போனது இதில்தான்.

பட்டர்வொர்த் சேனலிலும் இரண்டு வீடியோ எடுத்தேன். கேழ்வரகுக் களி வீடியோவுக்கு 240 வியூஸ், லைக்கும் கமெண்டும் 41. அதாவது 17 சதவீதம். மாங்காய் ஊறுகாய் வீடியோ யாருக்கோ பரிந்துரையில் போய் 4,800 வியூஸ் வாங்கியது. அதற்கு 211, அதாவது 4.4 சதவீதம். இரண்டின் சராசரி 10.7. பெரிய சேனலின் இரண்டுக்கும் அதே போல சராசரி எடுத்தால் சுமார் 3.6. அக்காவிடம் அன்றைக்கே “சின்ன சேனல்தான், மூணு மடங்கு!” என்று சொல்லிவிட்டேன். அவசரக்குடுக்கை.

மறுநாள் உட்கார்ந்து பார்த்தபோது உறுத்தியது. ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே கேமரா. ஆனால் வியூ கூடினதும் 17 எப்படி 4.4 ஆனது? கேழ்வரகுக் களியைப் பார்த்த 240 பேர் பெரும்பாலும் தங்கை, சம்பந்தி, கோயில் கூட்டம், குடும்ப வாட்ஸ்அப் குழு. அவர்கள் லைக் போடாமல் இருக்க முடியாது, போடாவிட்டால் அடுத்த விசேஷத்தில் கேள்வி வரும். ஊறுகாயைப் பார்த்தவர்களோ முன்பின் தெரியாதவர்கள். பெரிய சேனலின் பார்வையாளர்களில் பெரும்பகுதி எப்போதுமே இப்படித் தெரியாதவர்கள்தான். அதனால் வீச்சு கூடக் கூட இந்த விகிதம் பெரும்பாலும் இறங்குகிறது. 2,100 பேர் சேனலின் 17-ஐயும் 1,40,000 பேர் சேனலின் 5-ஐயும் பக்கத்தில் வைப்பது, கல்யாணப் பந்தியில் கிடைக்கும் பாராட்டையும் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் பாராட்டையும் ஒப்பிடுவது போலத்தான்.

சராசரி எடுத்த விதமும் தப்பு. சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தேன். 240 வியூவுக்கும் 4,800 வியூவுக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டேன். மொத்த 252-ஐ மொத்த 5,040-ஆல் வகுத்திருந்தால் சரியாக 5 சதவீதம். 10.7 எங்கே, 5 எங்கே! இதே முறையைப் பெரிய சேனலுக்குப் போட்டால் 4 லட்சம் வியூ வீடியோ மற்றதை விழுங்கி 2.2 என்று காட்டும். ஆகவே மொத்தக் கணக்கும் முழுத் தீர்வு இல்லை.

சின்ன எண்ணிக்கையின் ஆட்டமும் இருக்கிறது. தோராயமாக, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரு மடங்காக்கி இரண்டு பக்கமும் விட்டுப் பார்க்கலாம். 41-க்கு அது 13. அந்த 17 சதவீதம் உண்மையில் 12 முதல் 22 வரை எதுவாகவும் இருக்கலாம். 450-க்கு 42, 4.5 முதல் 5.5 வரைதான். ஒரே ஆன்ட்டி மூன்று கமெண்ட் போடுவதையெல்லாம் சேர்த்தால் சின்ன சேனலின் ஆட்டம் இன்னும் அதிகம்.

கடைசியாகக் கமெண்டுகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். யூடியூப் காட்டும் கமெண்ட் எண்ணிக்கையில் பதில்களும் அடக்கம், சேனல்காரர் தாமே போடும் பதில்களும் அடக்கம். பட்டர்வொர்த் அம்மா எல்லாருக்கும் “நன்றி மா” என்று பதில் போடுகிறவர். ஊறுகாய் வீடியோவின் 211-இல் 36 அவருடையதே. கழித்தால் 175, அதாவது 3.6 சதவீதம். பெரிய சேனல்காரர் பதிலே போடுவதில்லை. அவருடைய 450-இல் கழிக்க ஒன்றும் இல்லை.

இப்போது வியூஸில் இருப்பதற்குள் அருகருகே வரும் இரண்டை மட்டும் நிறுத்திப் பாருங்கள்: 4,800 வியூ ஊறுகாய், 9,000 வியூ ஜார்ஜ்டவுன். 3.6-க்கு எதிராக 5. நான் மூன்று மடங்கு என்று சொன்ன சேனல் பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு சேனலிலும் ஒரு வீடியோவை வைத்துச் சொல்கிறேன் என்பதும் உண்மைதான். ஒத்த வியூ அளவில் ஐந்தாறு கிடைத்திருந்தால் இன்னும் நிம்மதியாகச் சொல்வேன். டிக்டாக்கில் ஷேர் எண்ணிக்கை வெளியே தெரிகிறது, அங்கே இந்தக் கணக்கு சுலபமாக இருக்கலாம், ஆனால் நான் அங்கே செய்து பார்த்ததில்லை.

பெரிய சேனலுக்கே 600 வெள்ளியும் போனது, பினாங்கில் எடுக்கும் வீடியோவில்தான் விளம்பரம் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தமிழ்நாட்டில் லைக் போடுகிறவருக்கு அக்கா எப்படி முறுக்கு அனுப்புவார்?

டப்பாக்கள் தீபாவளிக்கு நாலு நாள் முன்பே தீர்ந்துவிட்டன. விளம்பரத்தால் எத்தனை டப்பா போனது என்று கேட்டேன். ஆர்டர் எடுக்கும்போது எங்கே பார்த்தீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லையாம். “எண்ணெய் காயுது, நான் அதைப் பாப்பேனா இதைப் பாப்பேனா?” என்றார் அக்கா.