கிடைத்தண்டு ட்ரைபாட்: குமிழை இறுக்கியதும் தலை குனியும் கேமரா

நடுத்தண்டைக் கழற்றிக் கிடையாகப் போடும் வசதியுள்ள ட்ரைபாட்டின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தரை டைல் வடிவங்களையும் பெரிய வரைபடத் தாள்களையும் நேர்மேலிருந்து எடுக்க அவருக்கு அது வேண்டும். அதே வேலைக்குத்தான் நானும் அதை வைத்திருக்கிறேன். கால் எத்தனை அடுக்கு, எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. இந்த ட்ரைபாட்டோடு நித்தமும் மல்லுக்கட்ட வைப்பது ஒரே ஒரு விஷயம்: எல்லாம் சரியாக அமைந்த பிறகு, கேமராவைத் தாங்கும் உருண்டைத் தலையான பால் ஹெட்டின் குமிழை இறுக்கினால் கேமரா லேசாகத் தலை குனியும்.

லேசாக என்றால் சுமார் ஒரு டிகிரி. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வு படத்தில் எவ்வளவு கெடுக்கும் என்று பார்த்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரம். படத்தில் 90 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் விழும், அதாவது 30 செ.மீ. டைல் மூன்றுக்கு இரண்டு. கேமரா ஒரு டிகிரி சாய்ந்தால் மேல் விளிம்பு கேமராவிலிருந்து கொஞ்சம் விலகும், கீழ் விளிம்பு கொஞ்சம் நெருங்கும். இரண்டுக்கும் அளவில் 0.8 சதவீத வித்தியாசம் வந்துவிடும். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அது கிட்டத்தட்ட 48 பிக்சல். டைல் இணைப்புக் கோடுகள் ஃப்ரேமின் ஓரத்தோடு ஒட்டிப் போகாமல் உள்பக்கம் சரிவது இதனால்தான்.

ஒரே படம் என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நீளமான தரையைத் துண்டுதுண்டாக எடுத்து ஒட்டும்போதுதான் வினை. கமான் வளைவுக்கு அடுக்கும் ஆப்புக் கற்களைப் போல ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் குறுகியிருப்பதால், ஒட்டிய பட்டை முழுவதும் வில்லாக வளையும். மேலே சொன்ன கணக்கில் 4.5 மீட்டர் பட்டைக்கு நடுவில் 3 செ.மீ.க்கு மேல் வளைவு வரும். நேராகப் போட்ட பார்டர் டைல் படத்தில் வளைந்து போவதைப் பார்த்தால் எரிச்சல் வராமல் இருக்காது.

பொதுவாக எல்லோரும் சொல்லும் வழி ரசமட்டம். ட்ரைபாட்டிலேயே ஒன்று பதித்திருக்கிறார்கள், செல்போனும் குறுக்குக் குறிகளைக் காட்டுகிறது. இரண்டும் புவியீர்ப்புக்கு நேராக இருக்கிறதா என்றுதான் சொல்லும், தரைக்கு நேராக இருக்கிறதா என்று சொல்லாது. தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்த தரையில் இந்த இரண்டும் வேறு வேறு. 100 செ.மீ.க்கு 1 செ.மீ. வாட்டம் என்றால் அரை டிகிரிக்கு மேல், 60 செ.மீ.க்கு 1 செ.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு மிக அருகில். ரசமட்டத்தின் நீர்க்குமிழி நட்டநடுவில் நிற்கும், படம் மட்டும் கோணலாக வரும். ஆகவே அளக்க வேண்டியது லென்ஸுக்கும் தரைக்கும் உள்ள செங்கோணத்தை மட்டுமே.

அதை அளக்கத் தேவையானது சட்டமில்லாத, 10 செ.மீ. சதுர முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. ஃப்ரேமின் நடுவில் வரும் இடத்தில் அதைத் தரையில் படுக்கவைத்து, கேமரா திரையில் நடுக் குவியக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடியில் லென்ஸின் பிம்பம் தெரியும். அந்த வட்டத்தின் மையம் ஃப்ரேமின் மையத்தோடு ஒன்றிவிட்டால் லென்ஸ் தரைக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று அர்த்தம். வேறு கருவியே வேண்டாம். மேலே சொன்ன அமைப்பில் ஒரு டிகிரி பிசகினால் பிம்பம் மையத்திலிருந்து 145 பிக்சல் விலகி நிற்கும். பத்தில் ஒரு டிகிரியைக்கூடக் கண்ணால் பிடித்துவிடலாம்.

குவியத்தைக் கையால்தான் வைக்க வேண்டும். பிம்பம் கண்ணாடிக்குள் அதே அளவு ஆழத்தில் இருப்பதால் தூரம் 1.3 மீட்டர் அல்ல, 2.6 மீட்டர். தானியங்கிக் குவியம் கண்ணாடி மேலிருக்கும் தூசியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். லென்ஸின் முகம் இருட்டாகத் தெரிந்தால் கீழிருந்து டார்ச் அடியுங்கள். கேமராவின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சென்சார் நகர்ந்து மையம் ஒரு இடத்தில் நிற்காது.

கண்ணாடியையும் அப்படியே நம்பக் கூடாது. அதை இருந்த இடத்திலேயே பாதிச் சுற்று திருப்பிப் பாருங்கள். பிம்பம் அசையாவிட்டால் நல்ல கண்ணாடி. பிம்பம் ஊர்ந்தால் அடிப்பக்கம் சீராக இல்லை, பெரும்பாலும் பின்னால் ஒட்டியிருக்கும் நாடாவோ பசையோதான் காரணம். இன்னொரு தொல்லை, ஒரு டைல் மட்டும் ஓரத்தில் எழும்பி இருப்பது. கண்ணாடியின் 10 செ.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. எழும்பியிருந்தால் அரை டிகிரிக்கு மேல் ஏமாற்றிவிடும். 50 செ.மீ. நீளமுள்ள தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றை இரண்டு மூன்று டைல்களின் மேல் படுமாறு போட்டு, அதன்மேல் இந்தக் கண்ணாடியை வைத்தால் அதே 1 மி.மீ. பிசகு பத்தில் ஒரு டிகிரியாகச் சுருங்கும்.

இப்போது மறுபடி அந்தக் குமிழ். கண்ணாடியைப் பார்த்தபடி பால் ஹெட்டை அசைத்துப் பிம்பத்தை நடுவில் நிறுத்துகிறோம், இறுக்குகிறோம், பிம்பம் விலகுகிறது. ஒவ்வொரு முறையும் விலகுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்று கவனித்து, இறுக்கும் முன்பே அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். மீதியைச் சரிசெய்ய பால் ஹெட்டைத் தொடவே கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து. ட்ரைபாட்டின் காலடியில் அட்டை வையுங்கள். பாதங்கள் ஒன்றுக்கொன்று 1 மீட்டர் விலகி இருக்கும்போது ஒரு பாதத்தை 1 மி.மீ. உயர்த்தினால் கேமரா 0.07 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாயும், பிம்பம் ஏறக்குறைய 10 பிக்சல் நகரும். விசிட்டிங் கார்டு ஒன்றிரண்டு சொருகினால் போதும், பிம்பம் நினைத்த இடத்தில் வந்து உட்காரும். இந்த ட்ரைபாட்டில் நான் மனதார ரசிப்பது அதன் பரந்து நிற்கும் கால்களைத்தான். தயாரித்தவர்கள் விளம்பரப்படுத்தாத அருமை அது.

அவர்கள் விளம்பரப்படுத்திய கிடைத்தண்டோ வேறு கதை. தண்டைப் பிடிக்கும் வளையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அது தேய்ந்தால் தண்டு ஆட்டம் கொடுக்கும், கேமரா இருக்கும் முனை இறங்கும். அண்மையில் உறையை மாற்றிய பிறகு ஆட்டம் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. உறை தேய்வதற்குப் பெரிய காரணம் ஒரே பக்கம் சுமை தொங்குவது. லென்ஸோடு சேர்த்து 1 கிலோ கேமரா வளையத்திலிருந்து 35 செ.மீ. தள்ளித் தொங்கினால், மறுபக்கம் 15 செ.மீ. தூரத்தில் 2.3 கிலோ கட்டினால்தான் சமன் ஆகும். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுத் தொங்கவிட்டால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். பை ஊசலாடாமல் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். எடை ஏற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் கண்ணாடியைப் பாருங்கள், தண்டு அதற்குள் இறங்கும் அளவு இறங்கி நின்றிருக்கும்.

எதிர் எடை இன்னொரு விதத்திலும் கைகொடுக்கிறது. தண்டு ஒரு காலுக்கு நேர் மேலே நீண்டால் ட்ரைபாட் கவிழாது, ஆனால் அந்தக் கால் படத்துக்குள் வந்துவிடும். இரண்டு காலுக்கு நடுவே நீட்டினால் படம் சுத்தமாக இருக்கும், முன்பக்கம் சாயும் ஆபத்து கூடும். எதிர் எடை இருந்தால் மட்டுமே இரண்டாவது வழியைத் துணிந்து பயன்படுத்தலாம்.

உயரத்தைக் குறைத்து அகன்ற லென்ஸ் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அதே 90க்கு 60 செ.மீ. பரப்பைப் பாதி உயரத்திலிருந்து எடுத்தால் அதே ஒரு டிகிரி இருமடங்கு கோணலைக் காட்டும், ஓரத்தில் கோடுகள் வளைவதும் கூடும். அந்த வளைவு சாய்வால் வருவதில்லை, லென்ஸால் வருகிறது. கண்ணாடி அதைக் கண்டுபிடிக்காது. மென்பொருளில் முதலில் லென்ஸ் வளைவை நீக்கி, அதன் பிறகே சாய்வைத் திருத்த வேண்டும். வரிசை மாறினால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

நான்கு மூலைகளை இழுத்துச் செவ்வகமாக்கும் திருத்தம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்றும் கேட்பார்கள். அந்தத் திருத்தத்துக்கு நீள அகல விகிதம் தெரியாது. டேப்பால் இரண்டு பக்கத்தையும் அளந்து நாம்தான் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் சதுர டைல் சற்றே நீண்ட டைலாகிவிடும். தாளோ டைலோ வெட்டும்போதே கோணலாக வெட்டப்பட்டிருந்தால், அந்த உண்மையான கோணலையும் அது சேர்த்து அழித்துவிடும். கோணல் யாருடையது என்று தெரிய, தாளைப் பாதிச் சுற்று திருப்பி இன்னொரு படம் எடுங்கள். நீண்ட விளிம்பு படத்தின் அதே பக்கத்தில் நின்றால் கேமராவின் குற்றம். தாளோடு சேர்ந்து திரும்பினால் தாளின் குற்றம்.

இவ்வளவையும் செய்தால் இந்த ட்ரைபாட்டில் எடுத்த டைல் படங்களில் விளிம்புக் கோடுகள் 5 பிக்சலுக்குள் நிற்கின்றன. அதைக் குறை சொல்ல முடியாது. இருந்தும் நண்பருக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். தாள் மட்டும் எடுப்பதென்றால் நிலைக்கம்பத்தோடு வரும் காப்பி ஸ்டாண்ட் போதும், அதில் ஒருமுறை கண்ணாடி வைத்துச் சரிசெய்தால் நாள் முழுக்க அப்படியே நிற்கும். தரைக்கு ட்ரைபாட் வேண்டும் என்றால் இதன் கால்களைப் போல அகலமாக விரியும் கால்களும், ஒவ்வொரு திசைக்கும் தனித்தனித் திருகு உள்ள பல்சக்கரத் தலையும் உள்ளதைத் தேடட்டும். பல்சக்கரத் தலையில் கடைசியாக இறுக்க எதுவும் இல்லை. திருகை விட்ட இடத்தில் கேமரா நிற்கும். ஏற்கெனவே இந்த ட்ரைபாட்டை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம், பால் ஹெட்டை மட்டும் மாற்றுங்கள், வளைய உறை ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.