மூன்று கணக்கு, ஒரு வீடு: காரைக்குடியிலிருந்து ஓர் அனுபவம்

திருமணமானவர்கள் வங்கிக் கணக்கைச் சேர்த்து வைப்பதா, தனித்தனியாக வைப்பதா என்று கேட்டால், இரண்டையும் வையுங்கள் என்பதுதான் என் பதில். ஆளுக்கொரு தனிக்கணக்கு, வீட்டுச் செலவுக்கு மட்டும் ஒரு கூட்டுக்கணக்கு. நானும் கணவரும் மற்ற இரண்டு வழிகளிலும் இருந்து பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தோம். பல ஆண்டுகளாக மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

நான் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வியாபாரம் செய்கிறார். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அவருக்கு அப்படியில்லை. வீடு கட்டுகிறவர் பணம் தருகிற நாள்தான் சம்பள நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காயாது, வேலையும் மந்தமாகும்.

முதலில் தனித்தனிக் கணக்குதான். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அவர் பொறுப்பு, மளிகையும் பாலும் காய்கறியும் என் பொறுப்பு. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் வாடகை ஆண்டு முழுவதும் அசையாமல் நிற்கும், மளிகையோ மாதந்தோறும் ஏறும். விலைவாசி உயர்வு முழுவதையும் ஒருவர் மட்டும் சுமப்பது யாருக்கும் கண்ணில் படாது. செலவை இனம் பிரித்துப் பங்கிடும் வீடுகளில் மளிகைப் பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்து எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்கணக்கில் போட்டோம். சிமெண்டுக்கும் வண்ணப்பொடிக்கும் அவசரமாக எடுத்த பணத்தில் வாடகைப் பணமும் சேர்ந்து போனது. என் தாயாருக்கு நான் அனுப்பும் சிறுதொகையும் வீட்டுக் கணக்கில் ஒரு வரியாக நின்றது. யாரும் கேள்வி கேட்கவில்லைதான். ஆனாலும் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியாவது யாருக்கும் விளக்கம் சொல்லாமல் செலவழிக்கும்படி இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பெண்ணுக்குத் தனிக்கணக்கு என்றாலே குடும்பத்தில் பிளவு என்று பேசுகிறவர்கள் உண்டு. நகரத்தார் வீடுகளில் இது புதிதே இல்லை. ஒரே வளவில் அண்ணன் தம்பிகள் குடியிருந்தாலும், திருமணமானதும் ‘வேறு வைத்து’விடுவார்கள். அடுப்பும் தனி, வரவு செலவும் தனி. கோயில் வரியிலும் அந்தத் தம்பதி தனிக் குடும்பமாக, ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கில் வரும். பெண் கொண்டுவந்த பணமும் கடைப் பேரேட்டில் ஆச்சிமார் பணமாகத் தனியே நிற்கும். நாங்கள் மூன்று கணக்கு வைத்திருப்பதைக் கேட்ட என் அப்பத்தா, “அவரவர் பணம் அவரவர் பேரில் நின்றால்தான் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று தெரியும்” என்றார்.

இனி கணக்குக்கு வருகிறேன். வீட்டுச் செலவு மாதத்துக்கு இப்படி: வாடகை 9,000, மளிகை 10,000, பால், காய்கறி 5,500, மின்கட்டணம் 1,200, எரிவாயு, இணையம் 1,800, பள்ளிக் கட்டணம் 3,000, வண்டிக் காப்பீடு 800, மருந்து 1,700. மொத்தம் 33,000. கையிருப்பாக 2,000 சேர்த்து 35,000 ரூபாய்.

என் சம்பளம் 32,000. அவர் வியாபாரத்துக்குத் தனியாக நடப்புக் கணக்கு வைத்திருக்கிறார். அதிலிருந்து மாதம் 48,000 ரூபாயைத் தமக்குச் சம்பளமாக எடுத்துக்கொள்கிறார். மழைக்காலத்திலும் எடுக்க முடிகிற தொகையைத்தான் நிர்ணயித்தோம், நல்ல மாதத்து வரவை வைத்து அல்ல. வருமானம் நிலையில்லாதவர் வீட்டில் இந்த முறை தாங்குவதும் தடுமாறுவதும் இந்தத் தொகையைப் பொறுத்ததுதான்.

இரண்டு வருமானமும் 2:3 என்ற விகிதம். ஆகவே நான் 14,000, அவர் 21,000. என் கையில் 18,000 மிஞ்சும், அவர் கையில் 27,000. சரிபாதி என்று 17,500 போட்டிருந்தால் எனக்கு 14,500 மிஞ்சும், அவருக்கு 30,500. வருமானம் ஏறத்தாழ சமமாக இருந்தால் சரிபாதி போதும். எங்களைப் போல இடைவெளி இருந்தால் விகிதம்தான் நியாயம்.

ஒன்றாம் தேதி சம்பளம், மூன்றாம் தேதி இருவர் கணக்கிலிருந்தும் கூட்டுக்கணக்குக்குப் பணம் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு, ஐந்தாம் தேதி வாடகை. ஊரில் பங்காளிகளோடு பொதுவாக இருக்கும் பெரிய வீட்டின் பராமரிப்புப் பங்கு அவர் தனிக்கணக்கிலிருந்து போகும். என் பிறந்த வீட்டுச் சீர் செலவு என்னுடையதிலிருந்து.

தொல்லை கொடுப்பவை மாதாமாதம் வராத கட்டணங்கள். நம் மாநிலத்தில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பள்ளிக் கட்டணம் எங்களுக்குப் பருவத்துக்கு 12,000, காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை. இவற்றுக்காகச் சேரும் பணம் கணக்கில் சும்மா கிடப்பதுபோல் தோன்றும். அதனால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். ஒரு மாதக் கடைசியில் பாஸ்புக்கில் 19,400 இருந்தது. பள்ளிக்கு ஒதுக்கியது 9,000, மின்சாரத்துக்கு 1,200, காப்பீட்டுக்கு 4,000, ஆக 14,200. உண்மையில் மிச்சம் 5,200 மட்டுமே. இப்படிக் கழித்த மிச்சம் இரண்டு மாதம் தொடர்ந்து 2,000 ரூபாய்க்குக் கீழே போனால், செலவு ஏறிவிட்டது, தொகையைத் திருத்த வேண்டும் என்று அர்த்தம்.

கணக்குத் தொடங்கும்போது விண்ணப்பத்தில் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இருவரும் சேர்ந்து’ என்றிருந்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு கையெழுத்து வேண்டும், கைப்பேசியில் பணம் செலுத்துவதும் சிக்கலாகும். எங்கள் கிளையில் முதல் பெயர்க்காரரின் எண்ணுக்கு மட்டுமே குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்து என் எண்ணையும் சேர்த்தோம். இரண்டாவது பெயர்க்காரருக்கும் தனி டெபிட் அட்டை கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்த வசதியிலேயே அபாயமும் இருக்கிறது. இருவரில் யார் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம், வங்கி மற்றவரைக் கேட்காது. ஆகவே கூட்டுக்கணக்கில் வீட்டுச் செலவுக்கானதைத் தவிரச் சேமிப்பை வைக்காதீர்கள். கடனில் சிக்கியவரோ, கணக்குக் காட்ட மறுப்பவரோ துணையாக இருந்தால் கூட்டுக்கணக்கே வேண்டாம், கட்டணங்களை நேரடியாகவே செலுத்துங்கள்.

தனிக்கணக்கின் அபாயம் வேறு. உறவினர் ஒருவர் திடீரென இறந்தபோது அவர் தனிக்கணக்கில் வாரிசு நியமனமே இல்லை. அவர் மனைவி வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தார். அன்றாடச் செலவுக்கே கைமாற்று வாங்கும்படி ஆனது. ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற கூட்டுக்கணக்கு என்றால் உயிருடன் இருப்பவர் தொடர்ந்து எடுக்கலாம். அதில் நியமனதாரரின் பங்கு இருவரும் இல்லாதபோதுதான் வரும். தனிக்கணக்கிலோ நியமனம் கட்டாயம் தேவை. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதனாலேயே அது முழுக்க அவருக்குச் சொந்தமாகிவிடாது. சட்டப்படியான வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். இதையும் வீட்டில் பேசி வையுங்கள்.

ஒவ்வொரு ஜூனிலும், பள்ளி திறக்கும் வாரத்தில், நோட்டைப் பிரித்துத் தொகையைத் திருத்துகிறோம். இந்த ஆண்டு என் சம்பளம் 36,000 ஆகியிருக்கிறது, அவருடையது மாறவில்லை, வீட்டுச் செலவு கையிருப்போடு 38,500 வருகிறது. விகிதம் 3:4 ஆகிவிட்டதால் ஜூலையிலிருந்து நான் 16,500, அவர் 22,000. வங்கியில் புதிய உத்தரவு கொடுத்தாயிற்று.