சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர் மாட்டுக்கு 'டாக்டர்' அனுப்புபவர்களுக்கு

துவாஸ் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கிறேன். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். ஏழு பேருக்கு ஊரில் மாடோ ஆடோ உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். காசு போனது ஒரு பக்கம். ஏமாந்தது எப்படி என்று விவரமாகச் சொன்னால், அடுத்தவர் அதே குழியில் விழாமல் இருக்கலாம்.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் வீடு. அம்மாவும் தங்கச்சியும் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய மாட்டுக்கு இது மூன்றாவது ஈத்து. கன்று பெரிசு, காளைக்கன்று. வெளியே வர மறுத்ததால் பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேர் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். அது முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, இங்கே இரவு 10.20, ஊரில் 7.50, தங்கச்சி வீடியோ கால் போட்டாள். "அண்ணே, நஞ்சு பெரிசா தொங்குது, பார்க்கவே பயமா இருக்கு."

நஞ்சு இல்லை அது. நஞ்சுக்கொடி மெல்லிசாக, வழவழவென்று, சவ்வு மாதிரி கயிறு கயிறாகத் தொங்கும். இது பின்னங்கால் முட்டி வரை தொங்கிய கனமான சிவப்புப் பை. மேலெல்லாம் வடை வடையாகப் புடைப்பு. அந்தப் புடைப்புகளில்தான் நஞ்சு ஒட்டியிருக்கும், அதைக் கண்டால் கருப்பையே உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். சட்டைக் கையை உள்ளேயிருந்து இழுத்தால் எப்படித் திரும்புமோ அப்படி. சினை மாட்டுக்குப் படுக்கும்போது பந்து அளவில் வழுவழுப்பாக வெளியே வந்து போவது வேறு, அது பிறப்புறுப்பு தள்ளுவது. ஊரில் இரண்டையும் 'அடி தள்ளுது' என்றே சொல்லிவிடுவதால் போனில் கேட்பவருக்கு எது என்று புரிவதில்லை. எங்களுக்கும் அன்றைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நான் ஊர் பால் சொசைட்டிச் சுவரில் எண் ஒட்டியிருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். 'கால்நடை டாக்டர், 24 மணி நேரமும்' என்று போட்டிருந்தது. எடுத்தவுடன் "ஆறாயிரம் அனுப்புங்க, கிளம்புறேன்" என்றார். பாதி இப்போது, பாதி பிறகு என்று கேட்டேன். "மாடு செத்தா நான் பொறுப்பில்ல தம்பி" என்றார். அனுப்பிவிட்டேன். வருவதற்குள் கொதிக்க வைத்த தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிக் கழுவச் சொன்னார், மாட்டைக் கொஞ்சம் நடக்க வைக்கவும் சொன்னார். அம்மா இரண்டையும் செய்தார்கள். இரண்டுமே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்கு பைக்கில் வந்தார். மாடு நின்றுகொண்டே இருந்தது. ஒட்டியிருந்த நஞ்சைப் பிய்த்து எடுத்தார். சில இடங்களில் வடையோடு சேர்ந்து பிய்ந்து ரத்தம் வழிந்தது. அப்புறம் முஷ்டியால் உள்ளே தள்ளினார். மாடு முக்க, அவர் தள்ள, இப்படியே கொஞ்ச நேரம். உள்ளே போனதும் சாக்கு தைக்கிற ஊசியால் நாலு தையல், தொடையில் ஒரு ஊசி. என்ன மருந்து என்று தங்கச்சி கேட்டதற்கு "உனக்குச் சொன்னா புரியுமா?" என்றார். இருபது நிமிடத்தில் முடித்துக் கிளம்பிவிட்டார்.

இரவு முழுக்க மாடு முக்கிக்கொண்டே இருந்தது. அம்மா "வலிக்குது போல" என்று நினைத்துக்கொண்டார்கள். விடியற்காலை நாலு மணிக்குத் தையலைக் கிழித்துக்கொண்டு மறுபடியும் முழுசாக வெளியே வந்தது. இங்கே ஆறரை மணி, நான் வேலைக்குப் போகும் லாரியில் இருந்தேன். அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர், மணப்பாறைக்காரர், லாரியிலேயே தனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற அரசு கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். ஆனால் போனை வைக்கவே இல்லை. என்னையும் தங்கச்சியையும் ஒரே காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் தடவை காத்திருந்ததற்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசம்தான் மாட்டைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

"மாடு படுத்திருந்தா எழுப்பாதீங்க, நின்னா ஒரு அடியும் நடக்க விடாதீங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் சொல். கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அந்தத் தொங்கலின் பாரத்தில் இழுபட்டுக்கொண்டிருக்கும். மாடு திடீரென்று எழுந்தாலோ ஓடினாலோ உள்ளேயே அது அறுந்துவிடலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் சில நிமிடத்தில் மாடு செத்துப்போகும். கண்ணிமையின் உள்பக்கமும் ஈறும் வெளுத்துப்போனால் அதன் அறிகுறி, உடனே சொல்ல வேண்டும் என்றார். எங்கள் மாடு நின்றுகொண்டிருந்தது. பெட்ஷீட்டை நனைத்துத் தொட்டில் மாதிரி அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, பையைப் பிறப்புறுப்பின் மட்டத்துக்குத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார். தொங்கவிட்டால் ரத்தம் திரும்பிப் போக முடியாமல் வீங்கிக்கொண்டே போகும், வீங்க வீங்க உள்ளே போகாது. கை வலித்து ஆள் மாறி மாறிப் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாடு தானாகப் படுத்தது. நெஞ்சு தரையில் பதிய, பக்கவாட்டில் சாயாமல் இருக்கப் பக்கத்தில் வைக்கோல் சாக்கு முட்டுக்கொடுத்தார்கள், சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பிக்கொள்ளும். தலை பள்ளத்திலும் பின்பக்கம் மேட்டிலும் இருக்கும்படி திரும்பியிருந்தால் நல்லது என்றார். எங்கள் தொழுவத்துத் தரை அப்படி இல்லை, அதை விட்டுவிட்டோம்.

அப்புறம் கழுவுதல். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு. தேய்க்கக் கூடாது, மேலே ஊற்றி வைக்கோலும் சாணியும் தானாக வழிய விட வேண்டும். சுடுதண்ணீர் கூடாது, ரத்தப்போக்கு அதிகமாகும். நேரடியாகக் கிருமிநாசினி, சோப்பு கூடாது, அந்தச் சதை புண்ணாகிவிடும். நஞ்சு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. கழுவி முடித்ததும் சுத்தமான ஈரத்துணியால் மூடி, காய்ந்தால் அதே உப்புத்தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காக்கைக்கும் நாய்க்கும் ஒரு ஆள் தனியாகக் காவல். சர்க்கரை கொட்டலாமா என்று அம்மா கேட்டார்கள். அது வீக்கத்தை வற்ற வைக்கும் என்பது உண்மைதான், "ஆனா நான் வந்து பார்த்துட்டுப் போட்டுக்கிறேன், எறும்பு வரும்" என்றார். உள்ளே தள்ளிப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்குக் கோபமே வந்துவிட்டது. விரல் நுனியால் அழுத்தினாலே கிழியும் நிலையில் இருக்கும் உறுப்பு அது. சில சமயம் மூத்திரப் பையும் குடலும் கூடவே அந்தத் தொங்கலுக்குள் இறங்கியிருக்கும்.

காது சில்லென்று இருக்கிறதா, கழுத்தை வளைத்து விலாவில் தலை வைக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். காது சில்லென்றுதான் இருந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு, பால் காய்ச்சலின் ஆரம்பம். கருப்பை சுருங்க அந்தச் சத்து வேண்டும். அது இல்லாமல் தொளதொளவென்று கிடக்கும் கருப்பையை, மாடு முக்கும் முக்கலும், கன்றை இழுத்த இழுப்பும் சேர்ந்து வெளியே கொண்டுவந்துவிடுகின்றன. கால்சியம் பாட்டில் வீட்டில் இருந்தது. "யாரும் ரத்தக்குழாயில ஏத்தாதீங்க, வேகமா போனா இதயம் நின்னுடும்" என்றார்.

அவர் வந்தது ஆறேகாலுக்கு. நான் கவனித்தது இதுதான்: கருப்பையைத் தொடுவதற்கு முன்பே வால் அடியில் ஒரு மரமரப்பு ஊசி போட்டார். சில நிமிடத்தில் வால் துவண்டது, மாடு முக்குவதை நிறுத்தியது. அப்புறம் நெஞ்சில் படுக்க வைத்தபடியே இரண்டு பின்னங்கால்களையும் தவளை மாதிரிப் பின்னால் நீட்டிக் கட்டினார். இடுப்பு முன்பக்கம் சாய்ந்து, தள்ள வழி கிடைத்தது. பழைய தையலை அறுத்து, கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, வழவழப்பு மருந்து பூசி, பிறப்புறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதியிலிருந்து உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். முழுசும் உள்ளே போன பிறகு கையை நீட்டி, எட்டாத இடத்துக்குக் கழுவிய பாட்டிலின் அடிப்பக்கத்தால் தள்ளி, கருப்பையின் கொம்பு நுனி வரை விரித்துவிட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் கருப்பை சுருங்கும் ஊசி. முன்னாடியே போட்டால் இறுகிக்கொண்டு உள்ளே போகாது என்றார். கால்சியத்தை இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெல்ல ஏற்றினார்.

முதல் ஆள் செய்தது எங்கே கெட்டது என்று கேட்டேன். கொம்பு நுனி உள்ளே மடிந்தபடியே இருந்திருக்கிறது. அந்த மடிப்பு உள்ளே உறுத்திக்கொண்டே இருக்க, மாடு இன்னும் ஏதோ வெளியே வர வேண்டியிருக்கிறது என்று முக்கிக்கொண்டே இருக்கும். தையல் அதைத் தடுக்காது. சரியாக விரித்துவிட்ட கருப்பைக்குத் தையலே தேவைப்படாத மாடுகளும் உண்டு என்றார். ஆக, உள்ளே வைத்த பிறகும் மணிக்கணக்கில் முக்கினால் 'வலி' என்று விட்டுவிடாதீர்கள், உடனே திரும்பக் கூப்பிடுங்கள். வால் ஊசி போடாமல், நிற்கிற மாட்டில், முக்க முக்கத் தள்ளுகிறவரை வீடியோ காலில் பார்த்தால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

செம்மறி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டதால் ஒரு வார்த்தை. ஆட்டுக்கும் இதே கதைதான், பை சின்னது, புடைப்புகள் வடை மாதிரி இல்லாமல் நடுவில் குழிந்த சின்னக் கிண்ணம் போல இருக்கும். ஒரே ஆள் ஈரத்துணியில் தாங்கிப் பிடித்துவிடலாம். அதனாலேயே ஆட்டில் நாமே தள்ளிப் பார்க்கும் ஆசை அதிகம் வருகிறது. ஆனால் ஆட்டின் கருப்பைச் சுவர் இன்னும் மெல்லிசு, சீக்கிரம் கிழியும்.

அந்த ஆள் மருத்துவரே இல்லை, சினை ஊசி போடுகிறவர் என்று பிறகு தெரிந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் இந்த மாதிரி வைத்தியம் செய்யலாம். பணம் அனுப்பும் முன் பதிவு எண் கேளுங்கள், உண்மையானவர் தயங்காமல் சொல்வார். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. அதை ஊரில் இருப்பவர் கையால் கூப்பிட வையுங்கள், ராத்திரியில் உங்கள் பகுதிக்கு வண்டி வருமா என்பதை மாடு ஈனும் முன்பே கேட்டு வையுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

ஓய்வு பெற்றவர் மருந்தோடு சேர்த்து 2,200 வாங்கினார். முதல் ஆள் மூன்றாம் நாள் போனை எடுத்தார். "உங்க மாடு முக்கினதால தையல் பிரிஞ்சுது, திரும்பத் தைக்க ரெண்டாயிரம் ஆகும்" என்றார். இப்போது பத்தொன்பது நாள் ஆகிறது. போன ஈத்தில் பதினொரு லிட்டர் கறந்த மாடு ஐந்து லிட்டர் கறக்கிறது. கருப்பையில் சீழ் இருந்ததால் இரண்டு தடவை மருந்து விட்டாயிற்று. திரும்பச் சினை பிடிக்குமா என்பதை இன்னும் ஒரு மாதம் கழித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர். கன்று நன்றாக இருக்கிறது. சொசைட்டிச் சுவரில் அந்த எண் இன்னும் ஒட்டியிருக்கிறது. அம்மா கிழிக்கப் போனபோது, "அவசரத்துக்கு வேற யாரு இருக்கா அக்கா?" என்று பால் ஊற்ற வந்தவர்களே தடுத்திருக்கிறார்கள்.